“இஞ்ச இன்னும் வெள்ளிதான், தம்பி”: ஒரு பொருள் வரியால் பத்து நாள் தள்ளிப்போன நாவல்

சென்னையில் ஒரு சிறு பதிப்பகத்தில் தயாரிப்பு வேலை பார்க்கிறேன். எழுத்தாளரிடமிருந்து பிரதியை வாங்குவது, டி.டி.பி.க்குக் கொடுப்பது, மெய்ப்பு பார்க்க அனுப்புவது, புத்தகத்தின் மேலட்டையான ரேப்பரைப் போடுகிறவரை விரட்டுவது, கடைசியில் பி.டி.எஃப்.பை அச்சகத்தில் சேர்ப்பது எல்லாம் என் தலையில். வருடத்தில் பத்து மாதம் சாதாரணமாக ஓடும். டிசம்பர் வந்தால் எல்லாப் பதிப்பகங்களும் ஒரே சமயத்தில் அச்சக வாசலில் நிற்கும், ஜனவரியில் புத்தகக் காட்சி என்பதால். அப்படி ஒரு டிசம்பரில் நடந்ததைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். தவறு முழுக்க என்னுடையது. அது மடலின் சப்ஜெக்டில், அதாவது பொருள் வரியில் இருந்தது.

நாவல் 288 பக்கம், டெமி அளவு. ஒரு பாரத்துக்கு 16 பக்கம் என்று கணக்கிட்டால் சரியாகப் பதினெட்டு பாரம், ஒரு பக்கம்கூட வீணில்லை. எழுதியவர் யாழ்ப்பாணத்துக்காரர், டொராண்டோவில் இருபது வருடமாக இருக்கிறார், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் தம்பி. அச்சகத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த இடம் டிசம்பர் 16, சனிக்கிழமை காலை. வெள்ளி இரவுக்குள் பி.டி.எஃப். வந்துவிட்டால் சனி காலை பிளேட் போட்டு மெஷினில் ஏற்றிவிடலாம் என்று அச்சகத்துக்காரர் சொல்லியிருந்தார். டிசம்பரில் அவருக்குக் காலண்டர், டைரி, பள்ளிக்கூட கைடு எல்லாம் வரிசையில் நிற்கும். ஒருவர் தவறவிட்ட இடத்தை அடுத்தவர் அரை மணி நேரத்தில் எடுத்துக்கொள்வார்.

டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை 11:40-க்கு நான் மடல் அனுப்பினேன். பொருள் வரி இது:

“Re: நாவல் மெய்ப்பு தொடர்பாக”

ஆகஸ்டில் முதல் மெய்ப்பு அனுப்பியபோது தொடங்கிய அதே சங்கிலியில்தான் இதையும் போட்டேன். அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மடல்கள் அதில் சேர்ந்திருந்தன. பெறுநர் மூன்று பேர்: அக்கா, எங்கள் பதிப்பாசிரியர், ரேப்பர் வடிவமைப்பவர். மடலில் முதலில் நலம் விசாரித்தேன். பிறகு ரேப்பரைப் பார்த்த நண்பர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதினேன். மூன்றாவது பத்தியில்தான் விஷயம் வந்தது: “மூன்றாம் மெய்ப்பை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொன்னீர்களானால் அச்சுக்கு அனுப்பிவிடலாம்.” நான்காவது பத்தி ரேப்பர்காரருக்கு: பக்கம் 288 என்று முடிவாகிவிட்டது, முதுகு அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவும்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரை யாரிடமிருந்தும் பதில் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அங்கே காலை ஏழரை மணி. ஏழு மணிக்கே வேலை தொடங்கியிருக்கும், வேலை நேரத்தில் கைபேசி லாக்கரில் கிடக்கும். வாட்ஸப்பில் போட்டதும் ஒற்றை டிக்கோடு நின்றது. எட்டு மணிக்கு அச்சகத்திலிருந்து அழைப்பு. “என்ன சார், ஃபைல் இன்னும் வரல? காலைல மிஷின் சும்மா நிக்கும்.” எழுத்தாளர் ஒப்புதல் இல்லாமல் அச்சேற்றுவதில்லை என்பது எங்கள் பதிப்பாளர் வைத்திருக்கும் விதி. இடத்தை விட்டுக்கொடுத்தேன். ஒன்பது மணிக்குள் அது ஒரு கைடு கம்பெனிக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை காலை 8:10-க்கு அக்காவின் ஒப்புதல் வந்தது. ஏழு சிறு திருத்தங்கள், எல்லாம் அரை மணி நேர வேலை. நான் போன் செய்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “வெள்ளிக்கிழமைக்குள்ள எண்டுதானே எழுதினனீங்கள். இஞ்ச இன்னும் வெள்ளிதான், தம்பி.”

டொராண்டோவில் அப்போது வெள்ளி இரவு 9:40. அவர் கெடுவைத் தாண்டவே இல்லை.

அடுத்த இடம் டிசம்பர் 26-இல்தான் கிடைத்தது. அச்சு, மடிப்பு, தையல், பைண்டிங், ரேப்பர் லேமினேஷன் எல்லாம் முடிந்து புத்தகம் அரங்குக்கு வந்தபோது ஜனவரி 8. காட்சி 3-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. நடுவில் வந்த முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாவல் மேசையில் இல்லை. புத்தகக் காட்சியில் மேசை போட்டவர்களுக்கு அந்த இரண்டு நாளின் மதிப்பு தெரியும். டிஜிட்டலில் ஐம்பது பிரதி போடலாமா என்றுகூட யோசித்தோம். பதிப்பாளர் பிரதிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்.

அக்கா பார்த்தது என்ன?

கோபம் தணிந்த பிறகு அக்காவிடம் ஒன்று கேட்டேன்: செவ்வாய்க்கிழமை அந்த மடல் வந்தபோது உங்கள் கைபேசியில் எப்படித் தெரிந்தது, ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? அனுப்பினார். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த நல்ல ஆதாரம் அந்தப் படம்தான்.

அதில் என் பெயர், அதன் கீழே “Re: நாவல் மெய்ப்பு தொடர்பாக”, அதன் கீழே சாம்பல் நிறத்தில் மடலின் முதல் சில சொற்கள்: “வணக்கம் அக்கா, நலமா? அங்கே பனி தொடங்கியிருக்கும். ரேப்பரைப் பார்த்த…” அவ்வளவுதான். அதற்கு மேலும் கீழும் அதே பொருள் வரியோடு பழைய மடல்கள் எதுவும் இல்லை, எல்லாம் இந்த ஒன்றுக்குள் சுருண்டு கிடந்தன. பக்கத்தில் மடல்களின் எண்ணிக்கை மட்டும். “நீங்கள் சுகம் விசாரிச்சு எழுதியிருக்கிறியள் எண்டு நினைச்சன். வெள்ளிக்கிழமை இரவு ஆறுதலா வாசிப்பம் எண்டு விட்டிட்டன்” என்றார். நியாயம்தான். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாராலும் வேறு எந்த முடிவுக்கும் வந்திருக்க முடியாது.

பதிப்பாசிரியரைக் கேட்டேன். அவர் மடலைத் திறந்து படித்திருந்தார். மூன்று பேருக்கும் போயிருப்பதால் ஒப்புதல் சொல்ல வேண்டியவர் அக்கா என்று எண்ணிக்கொண்டு விட்டுவிட்டார். சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். ஆனால் புதன், வியாழன் இரண்டு நாளும் அக்காவோடு வேறு ஒரு கட்டுரை பற்றிப் பேசியவர் அவர். ஒரு வார்த்தை நினைவுபடுத்தியிருக்கலாம். அது தன் வேலை என்று அவருக்குத் தோன்ற அந்த வரியில் எதுவும் இல்லை.

ரேப்பர்காரரின் கதை இன்னும் சுவையானது. அவர் மடலையே திறக்கவில்லை. “மெய்ப்புன்னு இருந்துச்சு, எனக்கென்ன அதுலன்னு விட்டுட்டேன்.” அவருடைய ரேப்பர் இரண்டாம் மெய்ப்பின் 272 பக்கக் கணக்கில் இருந்தது. பதினாறு பக்கம் என்றால் எட்டுத் தாள். எங்கள் மேப்லித்தோ தாளில் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடக்குறைய வரும். கேட்டால் ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் முதுகு கறுப்பாகவும் முன்னட்டை வெள்ளையாகவும் இருந்த ரேப்பர் அது. அந்த முக்கால் மில்லிமீட்டரில் எல்லைக்கோடு இடம் மாறி, முதுகின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்திருக்கும். சனிக்கிழமை இடம் பறிபோனதால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம், அதை அச்சுக்கு முன்னால் கண்டுபிடித்தது.

ஆக, ஒரே மடலில் இரண்டு பேரிடம் இரண்டு வேலை கேட்டிருக்கிறேன். பொருள் வரியில் இரண்டுமே இல்லை.

“தொடர்பாக” எங்கிருந்து வந்தது?

இந்த “தொடர்பாக” என் கையில் எப்படி ஒட்டிக்கொண்டது என்று யோசித்தேன். ஐந்தாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் எழுதப் பழகிய நாளிலிருந்தே இருக்கிறது. அரசு அலுவலகக் கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த நடை தெரியும். மேலே ந.க. எண், பிறகு “பொருள்:” என்று போட்டு, துறை, மாவட்டம், ஊர், விவகாரம், கடைசியில் விவரம் கோருதல் என்று கோடு கோடாக இறங்கி வந்து “சார்பு” என்று முடியும். அடுத்த வரியில் “பார்வை:” என்று பழைய கடிதங்களின் பட்டியல்.

அதைக் கேலி செய்யத் தோன்றும். ஆனால் அது இருந்த இடத்துக்கு அது மிகச் சரியான ஏற்பாடு. அந்த வரியை முதலில் படிப்பவர் வேலையைச் செய்யப்போகும் அதிகாரி இல்லை. தபாலைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றி, எந்தப் பிரிவுக்கு, எந்தக் கோப்புக்கு என்று பிரிக்கிறவர்தான் முதலில் படிப்பார். அவருக்குத் துறை முதலில் தெரிய வேண்டும், பிறகு மாவட்டம். என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில் வந்தால் போதும், ஏனென்றால் அதை அவர் செய்யப்போவதில்லை. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் வரிசை, கோப்பைத் தேடும் கைக்காக உண்டானது.

அக்காவின் கைபேசிக்கும் எனக்கும் நடுவில் தபால் பிரிப்பவர் யாரும் இல்லை. தேடுவதையும் பிரிப்பதையும் இயந்திரமே செய்துகொள்கிறது. வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒருவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது அந்த வரியைப் பார்க்கிறார். அவருக்கு வேண்டியது அந்தப் பழைய வரிசைக்கு நேர்த் தலைகீழ்: என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், பிறகு எதைப் பற்றி.

தமிழில் இது கொஞ்சம் மல்லுக்கட்டும்

தலைகீழாக்கலாம் என்று முடிவு செய்துவிட்டு நான் எழுதிய முதல் வரி இது:

“மூன்றாம் மெய்ப்பைப் படித்து உங்கள் ஒப்புதலை 15-ஆம் தேதி மாலைக்குள் அனுப்பவும்”

எல்லாம் இருக்கிறது. எனக்கே ஒரு சோதனை மடலாக அனுப்பிக் கைபேசியில் பார்த்தேன். தெரிந்தது: “மூன்றாம் மெய்ப்பைப் படித்து உங்கள் ஒப்…” கெடுவும் இல்லை, வேலையும் இல்லை. என் கைபேசியில் சுமார் இருபத்தைந்து எழுத்துதான் தெரிகிறது. எழுத்துருவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அறுபது வயதுக்காரரின் கைபேசியில் இன்னும் குறையும். தமிழ் எழுத்துகள் பல அகலமானவை. ஒரு “ணை” எடுத்துக்கொள்ளும் இடத்தில் வேறு மொழியின் எழுத்துகள் இரண்டு மூன்று உட்கார்ந்துவிடும்.

எழுத்தின் அகலத்தைவிட வாக்கியத்தின் அமைப்பு பெரிய சிக்கல். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். செய்ய வேண்டியது எதுவோ அதுதான் எப்போதும் வால் பக்கம் இருக்கும். கைபேசி எப்போதும் வாலைத்தான் வெட்டும். ஒழுங்கான தமிழ் வாக்கியமாகப் பொருள் வரியை எழுதினால், ஒழுங்காக எழுதியதாலேயே விஷயம் வெட்டுப்படும். வினைமுற்று வேண்டாம், வேலையைப் பெயர்ச்சொல்லாக்கி முன்னால் வை என்பதுதான் இதற்கு வழி. “அனுப்பவும்” போய் “ஒப்புதல் தேவை” வந்தது.

“ஒப்புதல் தேவை, வியாழன் இரவு 9: நாவல், மெய்ப்பு 3”

இதில் எங்கே வெட்டினாலும் முன்னால் நிற்பது வேலைதான். இருபத்தைந்து எழுத்தில் வேலையும் கிழமையும் நேரமும் வந்துவிடுகின்றன. வெட்டுப்படுவது புத்தகத்தின் பெயர். அக்காவுக்கு எங்களோடு இருப்பது ஒரே புத்தகம் என்பதால் பரவாயில்லை. ஒரே எழுத்தாளருக்கு இரண்டு புத்தகம் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருந்தால் பெயரைச் சுருக்கி முன்னுக்குக் கொண்டுவருவேன்.

முன்னால் வைக்கும் சொற்களை நாங்கள் நாலுக்குள் அடக்கிக்கொண்டோம். “ஒப்புதல் தேவை” என்றால் நீங்கள் சரி என்று சொல்லாமல் அடுத்த படி நகராது. “திருத்தம் தேவை” என்றால் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது, ஐந்து நிமிடத்தில் முடியாது. “முடிவு தேவை” என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ரேப்பரின் இரண்டு மாதிரிகள் மாதிரி. “தகவலுக்கு” என்றால் படித்தால் போதும், பதில் வேண்டாம். இந்த நாலாவதைத்தான் நான் ரொம்பவும் மதிக்கிறேன். எது வேலையில்லாத மடல் என்று தெரிந்தால்தான் மற்றதற்கு மரியாதை இருக்கும். “கவனிக்கவும்”, “பார்க்கவும்” இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டோம். பார்த்துவிட்டு என்ன செய்வது என்று அவை சொல்வதில்லை.

“க்குள்” என்ற ஒரு சின்ன ஒட்டு

இனி கெடு. வெள்ளிக்கிழமைக்குள் என்று நான் எழுதியதில் இரண்டு ஓட்டை இருந்தது. ஒன்று அக்கா காட்டியது: யாருடைய வெள்ளிக்கிழமை? மற்றது ஊருக்குள்ளேயே இருக்கிறது. “15-ஆம் தேதிக்குள்” என்றால் பதினைந்தாம் தேதி சேர்ந்ததா, சேராததா? அலுவலகத்தில் ஆறு பேரிடம் கேட்டேன். நாலு பேர் பதினைந்தாம் தேதி ராத்திரி வரை என்றார்கள், இரண்டு பேர் பதினாலோடு முடிந்தது என்றார்கள். “அடுத்த வெள்ளி” இன்னும் மோசம். திங்கட்கிழமை அதைச் சொன்னால் சிலருக்கு நாலு நாளில் வருவது, சிலருக்கு அதற்கும் அடுத்தது. “நாளைக்குள்” என்பது எழுதிய நாளில் மட்டும் உயிரோடு இருக்கும் சொல். மறுநாள் மடலைத் திறப்பவருக்கு அது வேறு நாளைக் காட்டும்.

தேதியோடு நேரத்தையும் போட்டால் இந்த மூன்றும் தீர்ந்துவிடும். “வெள்ளி 15, மாலை 5” என்றபின் சேர்ந்ததா சேராததா என்று யாரும் கேட்பதில்லை. கிழமையும் தேதியும் இரண்டும் போடுவது என் வழக்கம், நானே தேதியைத் தப்பாகப் போட்டால் கிழமை காட்டிக்கொடுக்கும். நாலு நாளுக்குள் முடியும் வேலைக்குக் கிழமை மட்டும் போதும், எழுத்து மிச்சம்.

ஊர் மாறும்போது, படிப்பவரின் ஊர் நேரத்தைத்தான் போட வேண்டும். யாழ்ப்பாணம், கொழும்பு என்றால் கவலை இல்லை, நம் நேரம்தான். டொராண்டோ குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைத்ததும் ஒன்பதரை, நவம்பரில் மறுபடி பத்தரை. எனக்கு வெள்ளி காலை வேண்டுமென்றால் அக்காவிடம் வியாழன் என்று சொல்ல வேண்டும். வியாழன் இரவு 9 அவருக்கு, வெள்ளி காலை 7:30 எனக்கு. அவர் ஏழு திருத்தம் அனுப்பினாலும் நான் அன்று பகலிலேயே போட்டு, மாலை ஆறுக்கு அச்சகத்தில் சேர்த்துவிடலாம். இந்தக் கணக்கைப் போட வேண்டியவன் நான்தான். “இந்திய நேரம்” என்று எழுதிவிட்டு அவரைக் கழிக்கச் சொன்னால், களைத்து வந்த ஒருவரின் கூட்டல் கழித்தலில் என் அச்சக இடத்தை அடகு வைக்கிறேன்.

பதிப்பாசிரியர் அப்போது ஒரு யோசனை சொன்னார்: வெள்ளிக்கு வேண்டுமென்றால் புதன் என்று போடு. இதைப் பல பதிப்பகங்கள் செய்கின்றன. எனக்கு ஒப்பவில்லை. ஒரு முறை செய்யலாம். எழுத்தாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறவர்கள். இந்தப் பதிப்பகத்தின் புதன் என்றால் உண்மையில் வெள்ளி என்று சீக்கிரமே தெரிந்துவிடும். பிறகு உண்மையான கெடுவைச் சொல்ல என்னிடம் சொல்லே இருக்காது. ஆகவே உண்மை நேரத்தையே போட்டு, அது ஏன் அந்த நேரம் என்பதை மடலின் முதல் வரியில் சொல்லிவிடுகிறோம்: “சனி காலை 8-க்கு அச்சகத்தில் இடம், தவறினால் அடுத்தது 26-ஆம் தேதி.” பட்டியலில் சாம்பல் நிறத்தில் தெரிவதும் அந்த முதல் வரிதான். நலம் விசாரிப்பது மடலின் கடைசிக்குப் போய்விட்டது. முதலில் எனக்கே அது முறைகேடாகத் தெரிந்தது. பழகிவிட்டது.

சங்கிலியை அறுப்பதா?

அந்த நாற்பது மடல் சங்கிலி பற்றி ஒரு வார்த்தை. ஜிமெயிலில் பதில் எழுதும்போது பொருள் வரியை மாற்றினால் அது புது உரையாடலாகப் பிரிந்துவிடும். பிரிந்தால் பழைய திருத்தங்களெல்லாம் வேறு இடத்தில் கிடக்கும், தேட வேண்டியிருக்கும். அதனால்தான் நான் எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் கோத்துக்கொண்டிருந்தேன். திருத்தம் பேசுகிற வரை அது சரி. கெடு உள்ள ஒன்றைக் கேட்கும்போது அறுத்துவிட வேண்டும் என்பது என் இப்போதைய தீர்ப்பு. தேவையான பழைய விவரம் இரண்டு வரியில் மடலிலேயே அடங்கும்.

அறுக்காவிட்டால் எதிர்ப்பக்கமும் ஒரு தொல்லை உண்டு. கெடு போட்ட பொருள் வரி அந்தக் கெடு செத்த பிறகும் கூவிக்கொண்டே இருக்கும். வேறு ஒரு புத்தகத்துக்கு அச்சக இடம் திங்களிலிருந்து வியாழனுக்கு மாறியது. அதை நான் மடலுக்குள் மட்டும் சொன்னேன். மேலே “Re: ஒப்புதல் தேவை, திங்கள் 5” என்றே நின்றது. எழுத்தாளர் ஊருக்குப் போயிருந்தவர், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் பார்த்து, பாதிப் பிழைகளை விட்டுவிட்டு ஒப்புதல் தந்தார். மூன்று நாள் அவகாசம் கையில் இருந்தும். அதிலிருந்து கெடு மாறினால் புது மடல்தான், “கெடு மாறியது” என்று தொடங்கி.

ரேப்பர்காரருக்கு இப்போது தனி மடல் போகிறது: “முதுகு அளவு மாற்றம் தேவை, வியாழன் 1 மணி: 272 இல்லை, 288 பக்கம்”. அவர் பெரும்பாலும் மடலைத் திறப்பதுகூட இல்லை. வரியிலேயே எண் இருக்கிறது, மாற்றி அனுப்பிவிடுகிறார்.

எல்லாருக்கும் இது ஒத்துவந்ததா?

இல்லை. மூத்த எழுத்தாளர் ஒருவருக்கு “ஒப்புதல் தேவை, புதன் 11” என்று போனது. அரை மணியில் அலுவலகத்துக்குப் போன் வந்தது. “என்னப்பா, தந்தி அடிச்சிருக்கே. யாரு செத்துப் போனது?” நான் ஐயா ஐயா என்று சமாதானம் சொன்னேன். அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. “அன்புடன் வேண்டுகிறேன்” என்று பொருள் வரியில் போட்டால் பாதி வரி அதற்கே போய்விடும், கெடு வெட்டுப்படும். போடாவிட்டால் ஐம்பது வருடம் எழுதியவருக்குக் கட்டளை மாதிரி தெரிகிறது. அவருக்கு இப்போதெல்லாம் முதலில் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் மடல் போடுகிறேன். அவர் தரும் ஒப்புதலை மடலில் பதிவாக வைப்பதற்காக மட்டுமே அந்த வரி. மடலே பார்க்காதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாளில் எடுத்த மெய்ப்பு கூரியரில் போகிறது; முதல் தாளின் தலையில் சிவப்பு மையில் நாளும் நேரமும் எழுதி அனுப்புகிறோம்.

இன்னொரு சறுக்கல், எங்கள் அலுவலகத்துப் புதுப் பையன். முறை பிடித்துப்போய் எல்லா மடலுக்கும் முன்னால் “அவசரம்” சேர்க்கத் தொடங்கினான். டிசம்பரில் பதினொரு புத்தகம். இரண்டாவது வாரத்தில் அச்சகத்துக்காரரே கேட்டார்: “தம்பி, எல்லாமே அவசரம்னா நான் எதை முதல்ல எடுக்கறது?” நேரம் போட்ட வரியில் அவசரம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம்.

பேசாமலிருந்தால் சம்மதம் என்று வரியிலேயே போட்டுவிடலாமா என்ற கேள்வியும் வந்தது. விலைப்பட்டியல், அரங்கில் வைக்கும் பதாகை மாதிரியானவற்றுக்குப் போடுகிறோம்: “பதில் இல்லையேல் அச்சாகும், திங்கள் 12”. நாவலின் கடைசி மெய்ப்புக்கு அப்படிப் போட மாட்டேன். சனி காலை வந்த அந்த ஏழு திருத்தங்களில் ஒன்று, சமர்ப்பணப் பக்கத்தில் அக்காவின் அம்மா பெயரில் விழுந்திருந்த எழுத்துப் பிழை.

அடுத்த டிசம்பரில் அக்காவின் கட்டுரைத் தொகுப்பு. பாடம் படித்தவன் மாதிரி மிடுக்காக எழுதினேன்: “ஒப்புதல் தேவை, வியாழன் இரவு 9 டொராண்டோ: கட்டுரைகள், மெய்ப்பு 3”. புதன்கிழமையே பதில் வந்துவிட்டது. பொருள் வரியை அவரே மாற்றியிருந்தார்: “ஒப்புதல் தந்தாச்சு: கட்டுரைகள்”. உள்ளே இரண்டே வரி.

“எல்லாம் சரி தம்பி, அச்சுக்கு விடுங்கோ. ஆனா டொராண்டோ நேரம் எண்டு போட்டிருக்கிறியள், நான் போன கிழமையில இருந்து லண்டனில மகளிட்ட நிக்கிறன்.”